மெனுவும் விளம்பரமும் வேண்டாம், கட்டுரை மட்டும் போதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாலை நேரத்தில் போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிற ஒரு சிறு கூட்டம் எங்களுடையது. செய்தித் தளங்களிலிருந்தும் மாவட்ட வரலாற்றுப் பக்கங்களிலிருந்தும் குறிப்பெடுக்கும்போது ஒரே மாதிரி சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாகச் சேருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

அக்கா, Ctrl+S போட்டாலே பக்கம் சேவ் ஆயிருமே, பிறகு எதுக்கு வேற வழி?

ஆகும், ஆனால் பக்கத்தில் இருந்த எல்லாமே சேர்ந்து வரும். ஒரு html கோப்பும், அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் கிடைக்கும். அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், கட்டுரையில் ஒரு படம்தான் இருந்திருக்கும், உள்ளே லோகோ, விளம்பரப் படம், ஸ்கிரிப்ட் என்று ஏராளமாகக் கிடக்கும்.

இடம் அடைப்பதைவிடப் பெரிய தொந்தரவு தேடும்போதுதான் தெரியும். தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவற்றில் மேல் மெனுவிலேயே எல்லா மாவட்டப் பெயரும் இருக்கும். அப்படி முந்நூறு பக்கம் சேர்த்துவிட்டு "கன்னியாகுமரி" என்று தேடினால் முந்நூறும் வந்து நிற்கும், சேலத்து மாம்பழம் பற்றிய செய்தி உட்பட. கட்டுரையின் உடல் மட்டும் இருந்தால் நம் ஊரைப் பற்றி உண்மையிலேயே எழுதிய பதினைந்து இருபதுதான் வரும். நான் இந்த வழிக்கு மாறியதே இதற்காகத்தான்.

சரி, ஒரே பட்டன்ல முடியுற மாதிரி ஏதாவது இருக்கா?

இருக்கிறது, புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். பயர்பாக்ஸில் கட்டுரையைத் திறந்ததும் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒரு தாள் மாதிரிச் சின்னம் வரும், அதை அழுத்துங்கள். விண்டோஸில் F9 அழுத்தினாலும் அதே வேலைதான், லினக்ஸில் Ctrl+Alt+R. எட்ஜிலும் F9 தான். குரோமில் மூன்று புள்ளி மெனுவுக்குள் கூடுதல் கருவிகளில் ரீடிங் மோடு இருக்கிறது, அது பக்கவாட்டில் திறக்கும். இவற்றுக்கெல்லாம் பொதுவாக வாசிப்புப் பார்வை என்றே கீழே சொல்கிறேன்.

அது திறந்ததும் Ctrl+A, Ctrl+C அடித்து, நோட்பேடிலோ நீங்கள் குறிப்பு வைக்கிற செயலியிலோ ஒட்டுங்கள். ஒட்டியவுடன் மூலப் பக்கத்தோடு மூன்று இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்: முதல் பத்தி வந்திருக்கிறதா, கடைசி வரி வந்திருக்கிறதா, நடுவில் அட்டவணை இருந்தால் அது இருக்கிறதா. அரை நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அட்டவணை பற்றிய கேள்வியில் ஒரு கதை இருக்கிறது.

நான் ஃபோன்ல மட்டும்தான் படிக்கேன், எனக்கு?

பயர்பாக்ஸின் ஆண்ட்ராய்டு செயலியிலும் இந்த வாசிப்புப் பார்வை உண்டு, ஐபோனில் சஃபாரியின் முகவரிப் பட்டையிலிருந்து ரீடரைத் திறக்கலாம். மற்ற எல்லாம் மேலே சொன்னதுபோலத்தான். நீளமான கட்டுரையை விரலால் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் நழுவிவிடும், அதனால் கடைசி வரியை மட்டும் கட்டாயம் சரிபார்த்துவிடுங்கள்.

அதுக்கு எப்படித் தெரியுது, இது விளம்பரம், இது கட்டுரைன்னு? படிச்சா பார்க்குது?

படிப்பதில்லை, மதிப்பெண் போடுகிறது. 2009-இல் ஆர்க்90 என்ற நிறுவனம் ரீடபிலிட்டி என்று ஒரு சிறு நிரலை வெளியிட்டது, அடுத்த வருடம் சஃபாரியில் வந்த ரீடர் அதை அடிப்படையாகக் கொண்டது, பயர்பாக்ஸின் வாசிப்புப் பார்வையும் அதே வழியில் வந்ததுதான். அடிப்படை யோசனை இப்போதும் மாறவில்லை.

பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பத்தியையும் அது எடுக்கும். கணினி எண்ணுகிற எழுத்துக் குறியீடு 25-க்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடும். மற்றவற்றுக்கு அடிப்படையாக 1 மதிப்பெண், காற்புள்ளிகள் பத்தியை எத்தனை துண்டாகப் பிரிக்கின்றனவோ அத்தனை மதிப்பெண், ஒவ்வொரு 100 குறியீட்டுக்கும் 1 வீதம் அதிகபட்சம் 3. ஒரு பத்தியில் 320 குறியீடும் நான்கு காற்புள்ளியும் இருந்தால் 1, 5, 3 சேர்ந்து 9 வரும். அந்த மதிப்பெண் பத்தியைச் சுற்றியிருக்கிற பெட்டிக்கு முழுதாகவும், அதற்கு வெளியே உள்ள பெட்டிக்குப் பாதியாகவும் போய்ச் சேரும். பத்து நல்ல பத்திகள் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அந்தப் பெட்டிதான் கட்டுரை என்று முடிவாகும்.

பெட்டிக்குத் தளம் வைத்திருக்கிற பெயரையும் பார்க்கும். article, content, story மாதிரிப் பெயர் என்றால் 25 கூடும், sidebar, footer, sponsor என்றால் 25 குறையும். கடைசியாக, பெட்டிக்குள் உள்ள எழுத்தில் எவ்வளவு பங்கு சுட்டி, அதாவது லிங்க், என்று கணக்கெடுத்து அந்த அளவுக்கு மதிப்பெண்ணை வெட்டும். மெனுவில் இருப்பது எல்லாமே சுட்டி, அதனால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். சுட்டி அடர்த்தி என்கிற இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற பாதிச் சிக்கலுக்கு அதுதான் காரணம்.

சில பக்கத்துல அந்தச் சின்னமே வரமாட்டேங்குதே, என் கம்ப்யூட்டர்ல கோளாறா?

கோளாறு இல்லை. சின்னத்தைக் காட்டலாமா என்று பயர்பாக்ஸ் முதலில் ஒரு அவசரக் கணக்குப் போடும். ஒவ்வொரு பத்தியின் நீளத்திலிருந்தும் 140-ஐக் கழித்து, மிச்சத்தின் வர்க்கமூலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டுத்தொகை 20-ஐத் தாண்டினால்தான் சின்னம் வரும். 540 குறியீடு உள்ள ஒரே பத்தி என்றால் சரியாக 20, இன்னும் கொஞ்சம் இருந்தால் போதும். ஆனால் 140-க்குக் குறைவான பத்தி எத்தனை இருந்தாலும் கணக்கில் சேராது.

இங்கே தமிழுக்கு ஒரு சிறு சலுகை கிடைக்கிறது. அது எண்ணுவது நாம் எண்ணுகிற எழுத்தை அல்ல, கணினிக் குறியீட்டை. "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஐந்து, ஏனென்றால் மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். அப்படியிருந்தும் ஒரு வரிக்கு ஒரு பத்தி என்று எழுதுகிற செய்தித் தளங்களில் பத்தி 140-ஐத் தொடாமல் போகும். கட்டுரை முழுவதையும் ஒரே article குறிச்சொல்லுக்குள் அந்தத் தளம் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் சின்னம் வராது.

சின்னம் வராவிட்டாலும் வாசிப்புப் பார்வையைக் கட்டாயப்படுத்தித் திறக்கலாம். முகவரிப் பட்டையில் முகவரிக்கு முன்னால் about:reader?url= என்று சேர்த்து என்டர் தட்டுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும்:

```
about:reader?url=https://...
```

அட்டவணையைக் காணோம்! ஒரிஜினல் பக்கத்துல இருக்கு, சேமிச்சதுல இல்ல.

நான் முன்பு சொன்ன கதை இதுதான். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது பற்றிய ஒரு கட்டுரையைச் சேமித்து, எங்கள் கூட்டத்தில் நாலு பேருக்கு அச்செடுத்தும் கொடுத்தேன். இணைந்த நான்கு தாலுகாக்களையும் தலைமையிடங்களையும் ஒரு சிறிய அட்டவணையில் போட்டிருந்தார்கள்: அகஸ்தீஸ்வரம் நாகர்கோவில், தோவாளை பூதப்பாண்டி, கல்குளம் தக்கலை, விளவங்கோடு குழித்துறை. என் பிரதியில் "அவை பின்வருமாறு" என்று ஒரு வரி, அதற்கு அடுத்து நேராக அடுத்த பத்தி. தக்கலையிலிருந்து வருகிற ஒரு தம்பி "அக்கா, பின்வருமாறுன்னு இருக்கு, பின்னால ஒண்ணும் வரலையே" என்று கேட்டபோதுதான் கவனித்தேன்.

பிறகு உட்கார்ந்து பார்த்ததில் காரணம் புரிந்தது. இணையத்தில் அட்டவணையைப் பக்க வடிவமைப்புக்கும் பயன்படுத்துவார்கள் என்பதால், இது உண்மையான தகவல் அட்டவணைதானா என்று நிரல் சோதிக்கும். தலைப்புக் கட்டத்துக்கான th குறிச்சொல் இருந்தால் உடனே ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் 10 வரிசையாவது, 4-க்கு மேல் நெடுவரிசையாவது, அல்லது வரிசையையும் நெடுவரிசையையும் பெருக்கினால் 10-க்கு மேலாவது இருக்க வேண்டும். எங்கள் அட்டவணையில் தலைப்பு வரிசையோடு சேர்த்து 5 வரிசை, 2 நெடுவரிசை, பெருக்கினால் சரியாக 10. தலைப்பும் th இல்லாமல் சாதாரணக் கட்டமாகவே இருந்தது. ஆக, தகவல் அட்டவணை இல்லை என்று முடிவாகிவிட்டது. அப்போதும் நீக்கியிருக்காது, ஆனால் ஒவ்வொரு தாலுகா பெயருக்கும் அந்தத் தளம் தனிப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்திருந்தது. சுட்டி அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே போனதால் மெனு மாதிரி இருக்கிறது என்று தூக்கிவிட்டது. சுட்டி நிறைந்த பட்டியலுக்கும் இதே கதி வரலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். சேமித்த கோப்பில் "பின்வருமாறு", "கீழ்க்கண்ட", "அட்டவணை" என்ற சொற்களைத் தேடுங்கள், அதன் பின்னால் எதுவும் இல்லையென்றால் மூலப் பக்கத்துக்குப் போய் அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

விளம்பரம் போயிருச்சு, ஆனா நடுநடுவுல "இதையும் படிங்க"ன்னு வேற செய்தி தலைப்பு நிக்குதே?

அது கட்டுரைப் பெட்டிக்குள்ளேயே, சாதாரணப் பத்தியாகவே எழுதப்பட்டிருப்பதால் நிற்கிறது. சுட்டி அடர்த்தி பார்த்து நீக்குகிற வேலை பெட்டி, பட்டியல், அட்டவணை இவற்றுக்குத்தான், தனிப் பத்தியை அது தொடாது. தளங்களுக்கும் இது தெரியும்போல.

கையால்தான் நீக்க வேண்டும். ஒவ்வொரு தளமும் ஒரே சொல்லைத்தான் எப்போதும் போடும் என்பதால், உங்கள் எடிட்டரில் "இதையும் படி" என்று தேடி அந்த வரிகளை அழித்துக்கொண்டே வாருங்கள். சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள், முதல் பதிலில் சொன்ன தேடல் தொல்லை இந்த வரிகள் வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும்.

PDF ஆ வச்சுக்கிட்டா என்ன? அழகா இருக்கும்லா?

பார்க்க அழகாக இருக்கும். பயர்பாக்ஸின் பிரிண்ட் திரையிலேயே எளிமையான வடிவம் என்று ஒரு தேர்வு உண்டு, மெனு இல்லாமல் PDF கிடைக்கும். அச்செடுத்துப் படிக்க மட்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேடுகிற குறிப்புக்கு நான் PDF வைப்பதில்லை, காரணம் தமிழ். PDF-க்குள் எழுத்து அதன் வடிவமாக, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் உட்கார்ந்திருக்கும். "தோ" என்பதில் கொம்பு முன்னால், த நடுவில், கால் பின்னால் என்று மூன்று துண்டு. திரும்ப நகலெடுக்கும்போது அந்தத் துண்டுகள் சரியாகக் கூடாமல் போவது சர்வசாதாரணம். உங்கள் PDF ஒன்றைத் திறந்து அதில் கண்ணுக்குத் தெரிகிற "தோவாளை" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், அல்லது நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டியதில் கொம்பு தனியாகத் தொங்கினால் அந்தக் கோப்பில் தேடல் வேலை செய்யாது என்று அர்த்தம். வெறும் எழுத்துக் கோப்பாகவோ, தலைப்புக்கும் பட்டியலுக்கும் எளிய குறி போட்ட எழுத்துக் கோப்பான மார்க்டவுனாகவோ வைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

நாப்பது லிங்க் இருக்கு, ஒவ்வொண்ணா திறந்து எப்ப முடிக்க?

அவ்வளவு இருந்தால் டிராஃபிலதுரா என்ற இலவசக் கருவி இருக்கிறது, பைத்தான் நிறுவிய கணினியில் ஓடும். சுட்டிகளை list.txt என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிவிட்டு, கட்டளைத் திரையில் இவற்றை ஓட்டுங்கள்:

```
pip install trafilatura
trafilatura -i list.txt -o notes --output-format markdown --with-metadata --no-comments
```

notes ஃபோல்டருக்குள் சுட்டிக்கு ஒரு கோப்பாக வந்து விழும். கோப்பின் பெயர் புரியாத எழுத்தும் எண்ணுமாக இருக்கும், அதனால்தான் --with-metadata போட்டிருக்கிறேன், தலைப்பும் முகவரியும் தேதியும் கோப்பின் மேலேயே எழுதப்படும். அட்டவணைகளை நாம் வேண்டாம் என்று சொன்னால் தவிர வைத்துக்கொள்ள முயலும், ஆனாலும் மேலே சொன்ன "பின்வருமாறு" சோதனையை இதிலும் செய்யுங்கள். ஒரே தளத்து நாற்பது பக்கம் என்றால் இடைவெளி விட்டுத்தான் எடுக்கும், நின்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

அதுல சில லிங்க்குக்கு ஒண்ணுமே வரல, சிலதுல முதல் ரெண்டு பத்தி மட்டும். ஏன்?

அந்தக் கருவி உலாவி அல்ல. தளம் முதலில் அனுப்புகிற html-ஐ மட்டும் வாங்கிக்கொள்ளும், அதிலுள்ள ஸ்கிரிப்டுகளை ஓட்டாது. கட்டுரையை ஸ்கிரிப்ட் வழியாகப் பிறகு கொண்டுவருகிற தளங்களிலும், "மேலும் படிக்க" அழுத்தினால்தான் மிச்சத்தை ஏற்றுகிற தளங்களிலும் அதற்கு எதுவும் கிடைக்காது, அல்லது முதலில் வந்த பகுதி மட்டும் கிடைக்கும். உறுப்பினராக நுழைந்து படிக்கிற தளத்திலும் அப்படித்தான், நீங்கள் நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது.

அப்படிப்பட்ட பக்கத்தை உலாவியில் திறந்து, கட்டுரை முழுவதும் தெரிந்த பிறகு, முதல் கேள்வியில் வேண்டாம் என்று சொன்ன அதே Ctrl+S-ஐப் போட்டு page.html என்று சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பைக் கருவிக்குக் கொடுங்கள்:

```
cat page.html | trafilatura > katturai.txt
```

விண்டோஸ் கட்டளைத் திரையில் cat-க்குப் பதில் type. கட்டுரை 1, 2, 3 என்று பக்கம் பிரித்திருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகத்தான் எடுத்துச் சேர்க்க வேண்டும்.

பழைய தமிழ் சைட்ல இருந்து எடுத்தா ஒரே கிறுக்கலா வருது மக்கா, ஃபைல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை, அந்தப் பக்கம் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினி என்றால் "தமிழ்" என்பது jkpo; என்று வரும். அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான், அதற்குத் தமிழ் முகமூடி போட்டது அந்த எழுத்துரு. வாசிப்புப் பார்வை தளத்தின் எழுத்துருவைக் கழற்றிவிடுவதால் முகமூடியும் போய்விடுகிறது. டாப், டாம், டிஸ்கி என்று வேறு சில முறைகளும் உண்டு, அவற்றில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த மாதிரித் தெரியும்.

வந்த கிறுக்கலை அப்படியே ஒரு எழுத்துரு மாற்றியில் ஒட்டுங்கள், என்.எச்.எம். கன்வெர்ட்டர் இதற்கென்றே உள்ளது. எந்த முறை என்று தெரியாவிட்டால் முதல் வரியை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, படிக்க முடிகிறதைத் தேர்ந்தெடுத்து முழுவதையும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒருமுறை பாருங்கள், அவற்றையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும்.

கட்டுரைக்கு மேல நாம என்னென்ன எழுதி வைக்கணும்?

தலைப்பு, எழுதியவர், வெளியான தேதி, நீங்கள் சேமித்த தேதி, முகவரி. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் utm_source என்று தொடங்குகிற வால் இருந்தால் அதை வெட்டிவிடலாம், பக்கம் திறக்கும். ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் id என்று எண் இருந்தால் கை வைக்காதீர்கள், சில தளங்களில் பக்கமே அதுதான்.

தேதி இரண்டும் ஏன் என்றால், விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையிலான கண்ணாடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். அதற்கு முன் வந்த கட்டுரைகளில் "அமைக்கப்படுகிறது", "திறக்கப்படும்" என்றுதான் இருக்கும். தேதி இல்லாத பிரதியை இரண்டு வருடம் கழித்துப் படித்தால் பாலம் இன்னும் கட்டுகிறார்கள் என்றுதான் குறிப்பு எழுதுவீர்கள். வாசிப்புப் பார்வையில் தேதி பல சமயம் விழுந்துவிடும், ஏனென்றால் தளங்கள் அதைத் தலைப்புக்குக் கீழே தனிப் பெட்டியில் வைக்கின்றன. அதைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு படிக்கன்னு சேமிக்கிற ஆப் இருக்கே, அதுலயே விட்டுட்டா?

படிக்க வசதிதான், ஒரே இருப்பிடமாக மட்டும் அதை வைக்காதீர்கள். இந்த வேலைக்கென்றே பலர் வைத்திருந்த பாக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. ஜாப்ளின் மாதிரி உங்கள் கணினியிலேயே கோப்பாக வைக்கிற செயலி என்றால் கவலை குறைவு, அதன் உலாவி நீட்சியில் எளிமையாக்கிய பக்கத்தை மட்டும் சேமிக்கிற தேர்வும் இருக்கிறது.

இப்படி எடுத்ததை நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா?

உங்கள் சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வைத்துக்கொள்வதை 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. முழுக் கட்டுரையையும் விளம்பரம் நீக்கி இருநூறு பேருக்கு அனுப்புவது அதில் அடங்கும் என்று நான் சொல்லமாட்டேன், எழுதியவருக்கு வருமானம் வருகிற வழியையும் அது அடைக்கிறது. குழுவில் சுட்டியைப் போடுங்கள், கூடவே நீங்கள் உங்கள் சொல்லில் எழுதிய நாலு வரிக் குறிப்பைப் போடுங்கள். யாருக்காவது அட்டவணை வரவில்லை என்றால் அதை எப்படி எடுப்பது என்று மேலே இருக்கிற பதிலைக் காட்டுங்கள்.